டெக் வைத்து ஸ்லைடிங் விண்டோ மேக்ஸிமம்: ஒரே லூப்பில் முடிக்கும் வழி

ஓர் அரே, கூடவே k என்று ஓர் எண். அரேயின் இடது ஓரத்தில் k உறுப்புகளை மூடும்படி ஒரு விண்டோவை வைத்து, ஒவ்வோர் இடமாக வலப்பக்கம் நகர்த்துகிறோம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் விண்டோவுக்குள் இருக்கும் மிகப் பெரிய எண்ணைச் சொல்ல வேண்டும். லீட்கோடில் இது 239ஆம் கணக்கு.

விடைக்கான நிரல் பதினைந்து வரியைத் தாண்டாது. ஆனால் அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட, `<` போடுவதா `<=` போடுவதா என்ற இடத்தில் நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். அதனால் நிரலைவிட, எந்த வரி ஏன் எங்கே வருகிறது என்பதற்கே இங்கே அதிக இடம்.

## 1. தொடங்கும் முன்

டெக் என்பது இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் வசதியுள்ள வரிசை. முன்பக்கமோ பின்பக்கமோ, எங்கே கை வைத்தாலும் ஒரே அளவு சின்ன வேலைதான். உள்ளே எத்தனை உறுப்பு இருந்தாலும் மாறாது. நமக்கு மூன்று செயல்கள் போதும்: பின்னால் சேர்ப்பது, பின்னாலிருந்து எடுப்பது, முன்னாலிருந்து எடுப்பது. முன்னால் சேர்ப்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

பைத்தானில் `collections.deque`, ஜாவாவில் `ArrayDeque`, சி++ மொழியில் `std::deque`. பைத்தானில் சாதாரண லிஸ்ட்டையே வைத்து `pop(0)` போட்டு ஒப்பேற்றலாமே என்று தோன்றும். விடை சரியாகத்தான் வரும். ஆனால் `pop(0)` போடும் ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ள எல்லா உறுப்புகளும் ஓர் இடம் முன்னால் நகர்த்தப்படுகின்றன. எந்த வேகத்துக்காக டெக்கைத் தேடி வந்தோமோ, அது அங்கேயே கசிந்துவிடும்.

அப்புறம் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் நாம் பயன்படுத்தப்போகும் அரே இது:

```text
nums = [7, 5, 6, 6, 3, 2, 1, 9]    k = 3
```

இதில் சமமான எண்கள் பக்கத்துப் பக்கத்தில் உண்டு, நீளமான இறக்கம் உண்டு, கடைசியில் ஒரு திடீர் ஏற்றமும் உண்டு. வழக்கமான பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்று இடங்களில்தான் வெளிப்படும்.

## 2. முதலில் மெதுவான விடையை எழுதுங்கள்

```python
def brute(nums, k):
    return [max(nums[i:i+k]) for i in range(len(nums) - k + 1)]
```

இதை எழுதாமல் நேரே டெக்குக்குத் தாவாதீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, பின்னால் நம் வேகமான நிரலைச் சரிபார்க்க இதுதான் அளவுகோல். இன்னொன்று, விடையில் எத்தனை உறுப்பு வர வேண்டும் என்பது இங்கேயே தெளிவாகிவிடும்: n − k + 1. நம் அரேயில் 8 − 3 + 1, அதாவது 6.

இந்த நிரலின் குறை வேகம். லீட்கோடில் n ஒரு லட்சம் வரை போகலாம். k ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், 50,001 விண்டோக்கள், ஒவ்வொன்றிலும் 50,000 எண்களைப் பார்க்க வேண்டும். மொத்தம் சுமார் 250 கோடி. நேரம் போதாது என்று தீர்ப்பு வந்துவிடும்.

ஹீப் வைத்தும் செய்யலாம். விண்டோவை விட்டு வெளியேறி காலாவதியான உறுப்பு உச்சிக்கு வரும்போது தூக்கிப் போட்டால் n log n நேரத்தில் முடியும். தவறில்லை. ஆனால் ஹீப் எல்லா எண்களையும் சுமந்துகொண்டு திரிகிறது. இந்தக் கணக்கில் பல எண்களை உடனே கழித்துக் கட்டலாம் என்பது அதற்குத் தெரியாது.

## 3. எதைக் கழிக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

அரேயில் இன்டெக்ஸ் 1-இல் 5 இருக்கிறது, இன்டெக்ஸ் 2-இல் 6. விண்டோ வலப்பக்கம் நகர்வதால் 5 முதலில் வெளியேறும், 6 அதற்குப் பிறகுதான் வெளியேறும். அதாவது, 6 வந்த பிறகு 5 உள்ளே இருக்கும் எல்லா விண்டோக்களிலும் 6-உம் இருக்கும். 5 இனி எந்த விண்டோவிலும் பெரிய எண்ணாக இருக்க முடியாது. அதை இப்போதே மறந்துவிடலாம்.

இதுதான் முழுக் கணக்கின் அடித்தளம்: புதிதாக ஓர் எண் வந்தால், அதைவிடச் சிறிய பழைய எண்களுக்கு இனி வாய்ப்பில்லை.

இதன் மறுபக்கத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 6 ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது 3 வருகிறது. 'பெரிய எண் இருக்கிறதே, 3 எதற்கு?' என்று அதைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். ஆனால் 6 பழையது; அது 3-க்கு முன்னால் வெளியேறிவிடும். அதன் பிறகு 3-க்கு முறை வரலாம். நம் அரேயில் அப்படியே நடக்கிறது: இன்டெக்ஸ் 4 முதல் 6 வரையுள்ள விண்டோவில் இருப்பவை 3, 2, 1. விடை 3. ஆகவே புதிதாக வரும் எண்ணை எவ்வளவு சிறியதானாலும் சேர்த்தே ஆக வேண்டும்.

இப்படிக் கழித்துக்கொண்டே போனால் டெக்கில் மிஞ்சுவது முன்னிருந்து பின்னாக இறங்குவரிசையில்தான் இருக்கும். ஏறுகிற மாதிரி ஒரு ஜோடி அடுத்தடுத்து இருந்தால், அதில் முன்னதை அப்போதே நீக்கியிருப்போம். இறங்குவரிசை என்றால் பெரிய எண் எப்போதும் முன்பக்கத்தில். தேட வேண்டிய வேலையே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: டெக்கில் இருப்பது விண்டோ அல்ல. விண்டோவில் மூன்று எண் இருக்கும்போது டெக்கில் ஒன்றே ஒன்று இருக்கலாம். `len(dq) == k` என்று நிபந்தனை எழுதியிருந்தால், இந்த இடத்தில்தான் குழம்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

## 4. டெக்கில் இன்டெக்ஸை வையுங்கள், மதிப்பை அல்ல

முன்பக்கம் இருப்பது காலாவதியாகிவிட்டதா என்று தெரிய, அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். 6 என்ற மதிப்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. 3 என்ற இன்டெக்ஸைப் பார்த்தால் சொல்லலாம். மதிப்பு வேண்டுமானால் `nums[3]` என்று கேட்டால் கிடைத்துவிடும். எனவே இன்டெக்ஸ் இருந்தால் இரண்டும் கையில்.

மதிப்பையே வைத்து, வெளியேறும் எண்ணும் முன்பக்க எண்ணும் ஒன்றானால் எடுத்துவிடுவது என்று ஒரு வழி உண்டு. சமமான எண்களை நீக்காமல் வைத்திருந்தால் மட்டும் அது வேலை செய்யும். `<=` போட்டு சமமானவற்றை நீக்கினால் என்ன ஆகும் என்று நம் அரேயில் பாருங்கள். இரண்டாவது 6 வந்ததும் முதல் 6 போய்விட்டது. டெக்கில் ஒரே ஒரு 6. பிறகு இன்டெக்ஸ் 5-க்கு வரும்போது, விண்டோவிலிருந்து இன்டெக்ஸ் 2-இல் உள்ள 6 வெளியேறுகிறது. முன்பக்கமும் 6 என்பதால் அதை எடுத்துவிடுவோம். ஆனால் அது இன்னும் விண்டோவுக்குள் இருக்கும் இரண்டாவது 6! விடை 6 வர வேண்டிய இடத்தில் 3 வரும்.

## 5. நான்கு வேலைகளும் அவற்றின் வரிசையும்

```python
from collections import deque

def window_max(nums, k):
    dq = deque()
    out = []
    for i, x in enumerate(nums):
        if dq and dq[0] <= i - k:
            dq.popleft()
        while dq and nums[dq[-1]] <= x:
            dq.pop()
        dq.append(i)
        if i >= k - 1:
            out.append(nums[dq[0]])
    return out
```

காலாவதியானதை எடுப்பது. விண்டோ இன்டெக்ஸ் i-இல் முடிகிறது என்றால் அது தொடங்கும் இடம் i − k + 1. அதற்கு முந்தைய இடமான i − k வெளியே போய்விட்டது. அதனால்தான் `<= i - k`. இங்கே `if` போதும். விண்டோ ஒவ்வோர் அடியாகத்தான் நகர்கிறது, ஒரு நகர்வில் ஒன்றுக்கு மேல் காலாவதியாகாது. `while` போட்டாலும் கெட்டுப்போகாது.

பின்னாலிருந்து கழிப்பது. இங்கே `while` கட்டாயம். ஒரு பெரிய எண் ஒரே நேரத்தில் பல சிறிய எண்களைத் துடைத்துவிடலாம். `dq and` என்ற காவலும் வேண்டும். எல்லாமே கழிந்து டெக் காலியாகிவிட்டால் `dq[-1]` பிழை தரும்.

புதியதைச் சேர்ப்பது. நிபந்தனை எதுவும் கிடையாது. காரணம் மூன்றாம் பகுதியிலேயே பார்த்தோம்.

விடையைப் படிப்பது. முதல் விண்டோ முழுதாக நிரம்பும் இடம் இன்டெக்ஸ் k − 1. அதற்கு முன் படித்தால் பாதி விண்டோவுக்கெல்லாம் விடை சொல்வோம். `i >= k` என்று எழுதிவிட்டால் முதல் விடை காணாமல் போகும். விடையின் நீளம் n − k + 1 இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாலே இது பிடிபடும்.

வரிசையில் எதை மாற்றலாம்? காலாவதிச் சோதனையைச் சேர்த்த பிறகு செய்தாலும் விடை மாறாது, படிப்பதற்கு முன் செய்துவிட்டால் சரி. ஆனாலும் முதலில் செய்வதே என் பழக்கம். அப்படிச் செய்தால் டெக்கில் எந்த நேரமும் k-க்கு மேல் இருக்காது. நீங்களே k அளவில் ஒரு வட்ட அரே வைத்து டெக் எழுதுகிறீர்கள் என்றால், அந்த ஓர் இடம் கூடுதலாகத் தேவைப்படுவதும் படாததும் பெரிய விஷயம். மாற்றவே கூடாதது ஒன்றுதான்: சேர்ப்பதற்கு முன் விடையைப் படிக்கக் கூடாது. புதிய எண்ணே அந்த விண்டோவின் பெரிய எண்ணாக இருக்கலாம்.

## 6. கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

கீழே dq என்ற பத்தியில் இருப்பவை இன்டெக்ஸ்கள். ஒவ்வொரு வரியும் அந்தச் சுற்றின் முடிவில் உள்ள நிலை.

```text
i  x  dq      out
0  7  0       -
1  5  0 1     -
2  6  0 2     7
3  6  3       6
4  3  3 4     6
5  2  3 4 5   6
6  1  4 5 6   3
7  9  7       9
```

மூன்று வரிகளில் மட்டும் நின்று பாருங்கள். i = 3 வரும்போது இன்டெக்ஸ் 0 காலாவதி; 7 முன்னாலிருந்து போகிறது. அதே சுற்றில் இன்டெக்ஸ் 2-இல் உள்ள 6, புதிய 6-க்குச் சமம் என்பதால் பின்னாலிருந்து போகிறது. ஒரே சுற்றில் இரு முனையிலும் வேலை நடக்கிறது; ஸ்டாக்கோ சாதாரண கியூவோ போதாமல் டெக் தேவைப்படுவது இதற்காகத்தான்.

i = 6-இல் இன்டெக்ஸ் 3 காலாவதியாக, பின்னால் பொறுமையாகக் காத்திருந்த 3 என்ற எண் முன்னுக்கு வருகிறது. அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இங்கே மாட்டியிருப்போம்.

i = 7-இல் முதலில் இன்டெக்ஸ் 4 காலாவதி. பிறகு 9 வந்து 1-ஐயும் 2-ஐயும் துடைத்துவிட்டுத் தனியாக நிற்கிறது. இந்த இடத்தில் `while`-க்குப் பதில் `if` இருந்தால் 1 மட்டும் போயிருக்கும், 2 முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், விடை 9-க்குப் பதில் 2 என்று வந்திருக்கும்.

## 7. லூப்புக்குள் லூப் இருந்தும் நேரம் ஏன் n-ஐத் தாண்டவில்லை

`for`-க்குள் `while` இருப்பதைப் பார்த்ததும் n × k என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றையும் தனியாகப் பார்த்தால் அந்தப் பயம் நியாயம்தான்; ஒரே சுற்றில் கிட்டத்தட்ட k உறுப்புகள் வரை கழியக்கூடும்.

சுற்றுகளை எண்ணாமல் இன்டெக்ஸ்களை எண்ணுங்கள். ஒவ்வோர் இன்டெக்ஸும் டெக்குக்குள் ஒரே ஒரு முறைதான் நுழைகிறது. நுழைந்தது முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ ஒரே ஒரு முறைதான் வெளியேற முடியும். நம் எடுத்துக்காட்டில் நுழைந்தவை 8. முன்னால் வெளியேறியவை 0, 3, 4. பின்னால் வெளியேறியவை 1, 2, 6, 5. கடைசியில் உள்ளே மிஞ்சியது 7. சேர்ப்பு எட்டு, நீக்கம் ஏழு. பொதுவாக, சேர்ப்பும் நீக்கமும் சேர்ந்து 2n-ஐத் தாண்டாது. k மூன்றானாலும் ஐம்பதாயிரமானாலும் இதே கணக்கு.

இது மொத்தத்துக்கான வாக்குறுதி, ஒவ்வொரு சுற்றுக்குமானது அல்ல. ஒவ்வோர் எண் வந்ததும் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் இதைப் பயன்படுத்துவதாக இருந்தால், நீண்ட இறக்கத்துக்குப் பின் வரும் ஓர் உச்சம் அந்த ஒரு சுற்றை மட்டும் நீட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

## 8. வழக்கமாக வழுக்கும் இடங்கள்

`<= i - k` என்பதற்குப் பதில் `< i - k`. விண்டோ ஓர் இடம் நீண்டுவிடும். நம் அரேயில் விடை 7 6 6 6 3 9 என்பதற்குப் பதில் 7 7 6 6 6 9 என்று வரும். பெரிய எண்கள் ஒரு சுற்று தாமதமாக மறைந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சி++ மொழியில் `i - k`. `i` என்பது `size_t` ஆக இருந்தால், i சிறியதாக இருக்கும்போது கழித்தலின் விடை எதிர்மறையாகாமல் ஒரு பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். உடனே முன்பக்கம் காலாவதி என்று நிரல் முடிவு கட்டும். நம் அரேயில் முதல் விடை மட்டும் 7-க்குப் பதில் 6 ஆகி, மற்றதெல்லாம் சரியாக இருக்கும். அதனால் கண்டுபிடிக்கவே எரிச்சலாக இருக்கும். கழிக்காமல் கூட்டி எழுதினால் தீர்ந்தது:

```cpp
if (!dq.empty() && dq.front() + k <= i) dq.pop_front();
```

`deque(maxlen=k)`. பைத்தானில் இப்படிக் கொடுத்தால் நிரம்பியதும் பழையது தானாக விழும், எனவே காலாவதி வரியே வேண்டாம் என்று நினைப்பது. அது எண்ணிக்கையைப் பார்த்து நீக்குகிறது, வயதைப் பார்த்து அல்ல. i = 3-இல் டெக்கில் இரண்டே உறுப்பு; நிரம்பவில்லை; 7 அப்படியே இருக்கும்.

`<` அல்லது `<=`. இன்டெக்ஸ் வைத்திருக்கும்வரை, மதிப்பு மட்டும் கேட்டால் இரண்டும் சரி. `<` போட்டால் சமமானவை எல்லாம் உள்ளேயே இருக்கும், `<=` போட்டால் கடைசியாக வந்தது மட்டும் இருக்கும். பெரிய எண் இருக்கும் இடத்தையும் கேட்டால்தான் வேறுபாடு: `<` விண்டோவின் இடதுகோடியில் உள்ளதைத் தரும், `<=` வலதுகோடியில் உள்ளதை.

தரவில் NaN. அளவீட்டுக் கருவிகளிலிருந்து வரும் தசம எண்களில் இது சகஜம். NaN-ஐ எதனோடு ஒப்பிட்டாலும் `<=` பொய் என்றே வரும். அதனால் அது பின்னாலிருந்து கழியாது, அதற்கு முன்னால் உள்ளவற்றையும் கழியவிடாது. 5, NaN, 9 என்ற அரேயில் k = 3 என்றால் விடை 5 என்று வரும். லூப்புக்குள் விடுவதற்கு முன்பே NaN-களை என்ன செய்வதென்று முடிவெடுத்துவிடுங்கள்.

## 9. சோதிக்கும் முறை

இரண்டாம் பகுதியில் எழுதிய மெதுவான நிரல் இப்போது கைகொடுக்கும்.

```python
import random

for _ in range(10000):
    n = random.randint(1, 8)
    k = random.randint(1, n)
    a = [random.randint(0, 3) for _ in range(n)]
    assert window_max(a, k) == brute(a, k), (a, k)
```

எண்களை 0 முதல் 3 வரை மட்டும் எடுப்பது வேண்டுமென்றேதான். பத்து லட்சம் வரை எடுத்தால் சமமான எண்கள் அபூர்வமாகத்தான் வரும், நான்காம் பகுதியில் பார்த்த பிழை தப்பிவிடும். அரே சின்னதாக இருந்தால் தோற்றுப்போன எடுத்துக்காட்டைக் கையால் ஓட்டிப் பார்க்க முடியும். k = 1, k = n என்ற இரு ஓரங்களும் இதிலேயே அடிக்கடி வந்துவிடும். k = 1 வரும்போது காலாவதிச் சோதனையே டெக்கைக் காலியாக்கிவிடும்; `while`-இல் காவல் விட்டுப்போயிருந்தால் அங்கே வெடிக்கும்.

k = 0 மட்டும் இந்தச் சோதனையில் வராது. அதற்கு இந்த நிரல் பிழை காட்டாமல் அர்த்தமில்லாத விடையைத் தரும். லீட்கோடில் k எப்போதும் 1 முதல் n வரைதான். வேறு இடத்தில் பயன்படுத்தினால் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள்.

## 10. இதையே வேறு கணக்குக்கு மாற்றும்போது

மிகச் சிறிய எண் வேண்டுமென்றால் `while` வரியில் உள்ள `<=` என்பதை `>=` ஆக்கினால் போதும். நடுமதிப்பு கேட்டால் இந்த வழி உதவாது. நாம் கழித்துக் கட்டியவை எல்லாம் அங்கே தேவைப்படும். அதேபோல் விண்டோ முன்னும் பின்னும் குதித்தாலும் உதவாது. கழித்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அங்கே செக்மென்ட் ட்ரீ போன்ற வேறு ஏற்பாடு வேண்டும்.

ஆனால் விண்டோவின் நீளம் மாறிக்கொண்டே இருக்கலாம், இரு ஓரமும் வலப்பக்கமே நகர்ந்தால் சரி. லீட்கோடின் 1438ஆம் கணக்கு அப்படி: பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டாத மிக நீளமான துண்டைக் கேட்கிறது. பெரியதுக்கு ஒரு டெக், சிறியதுக்கு ஒரு டெக். `i - k` என்ற கணக்கு அங்கே கிடையாது. இடது ஓரத்தை `left` என்று தனியாக வைத்திருப்போம். வித்தியாசம் வரம்பைத் தாண்டினால், எந்த டெக்கின் முன்பக்கம் `left`-க்குச் சமமோ அதை எடுத்துவிட்டு, `left`-ஐ ஒன்று கூட்ட வேண்டும். கூட்டிவிட்டு அதன் பிறகு ஒப்பிட்டால் காலாவதியானது உள்ளேயே தங்கிவிடும். 1438-இல் தவறான விடை வந்தால் முதலில் இந்த இரண்டு வரிகளின் வரிசையைப் பாருங்கள்.